குறைதீர் படிகள்: சாட் உதவியிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை

குறைதீர் படிகள் என்பது இந்தியாவில் இணைய வணிகத்தில் பொருள் வாங்கிய நுகர்வோர், தீராத புகாரை ஒவ்வொரு நிலையாக மேலே கொண்டுசெல்லும் வழிமுறை. நிறுவனத்தின் சாட் உதவி முதல் நிலை. நிறுவனம் சட்டப்படி நியமிக்க வேண்டிய குறைதீர் அலுவலர் இரண்டாம் நிலை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் மூன்றாம் நிலை. இம்மூன்றும் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின்படி உருவானவை அல்ல. மன்றம் 1986-ல் வந்தது, குறைதீர் அலுவலர் 2011-ல், இணையக் கடைகளுக்கான விதி 2020-ல். மேல்படி முதலிலும் கீழ்ப்படி கடைசியிலும் கட்டப்பட்டதால் இவற்றுக்கிடையே சில இடைவெளிகள் உள்ளன. புகார்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது அந்த இடைவெளிகளில்தான்.

மன்றத்துக்கு முன்

1986-க்கு முன் பழுதான பொருளை வாங்கியவருக்கு இருந்த வழி உரிமையியல் நீதிமன்றம். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அவருக்கு உரிமை அளித்தன. ஆனால் அந்த உரிமையைப் பெற நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு ஆகியவை தேவைப்பட்டன. ஐந்நூறு ரூபாய் மின்விசிறிக்காக எவரும் வழக்காடவில்லை. 1969-ம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியையே முதன்மையாகக் கருதியது. சச்சார் குழுவின் 1978-ம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டி 1984-ல்தான் நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற கருத்து அதில் சேர்க்கப்பட்டது.

நுகர்வோர் அமைப்புகள் அதற்கு முன்பே செயல்படத் தொடங்கியிருந்தன. மும்பையில் 1966-ல் இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கமும், அகமதாபாத்தில் 1978-ல் நுகர்வோர் கல்வி ஆய்வு மையமும் தோன்றின. 1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடுத்த ஆண்டு இந்திய நாடாளுமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த டிசம்பர் 24 இன்று தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அச்சட்டம் மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று அடுக்குகளை அமைத்தது. மாவட்ட மன்றத்தில் மாவட்ட நீதிபதி தகுதியுள்ள ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இருப்பர். உறுப்பினர்களில் ஒருவர் பெண். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் தானே எழுதி, தானே வாதிடலாம். தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவான வழக்குகள் மாவட்ட மன்றத்துக்குச் சென்றன. இந்த வரம்பு 1993-ல் ஐந்து லட்சமாகவும் 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் இருபது லட்சமாகவும் உயர்ந்தது.

மன்றம் என்ன தரலாம் என்பதை விரிவாக்கியது உச்சநீதிமன்றம். லக்னோ வளர்ச்சிக் குழுமம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் (1993) வீட்டு வசதி அளிக்கும் அரசு அமைப்பும் சேவை அளிப்பவரே என்று தீர்ப்பளித்தது. இழந்த பணத்துடன் அலைக்கழிப்புக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரலாம் என்றும் கூறியது. இன்று எந்த முறையீட்டிலும் 'மன உளைச்சலுக்கு' என்று ஒரு தொகை கேட்கப்படுவதன் வேர் இத்தீர்ப்பில் உள்ளது.

ஊர் பற்றிய சிக்கல்

பழைய சட்டத்தின் பெருங்குறை, வழக்கை எந்த ஊரில் தொடுப்பது என்பது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்தில், கிளை நடத்தும் இடத்தில் அல்லது வழக்குக் காரணம் எழுந்த இடத்தில் மட்டுமே தொடுக்க முடியும். கிளை என்பதையும் உச்சநீதிமன்றம் 2009-ல் சோனிக் சர்ஜிகல் வழக்கில் சுருக்கியது. தீ விபத்து நடந்தது அம்பாலாவில். காப்பீடு எடுத்ததும் அங்கேதான். சண்டிகரில் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிளை இருந்ததைக் காட்டி அங்கே வழக்குத் தொடுக்கப்பட்டது. எங்கோ ஒரு கிளை இருப்பது போதாது, வழக்குக் காரணம் எழுந்த இடத்தின் கிளையாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கடைத்தெருவில் பொருள் வாங்கிய காலத்துக்கு இவ்விதி பொருந்தியது. கடைக்காரரும் வாங்குபவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். இணைய வணிகத்தில் செயலி ஒரு மாநிலத்திலும், விற்பனையாளர் இன்னொரு மாநிலத்திலும், கிடங்கு மூன்றாவது மாநிலத்திலும் இருந்தன. நிறுவனங்கள் 'இவ்வழக்கு எங்கள் தலைமையகம் உள்ள ஊரில்தான் நடக்க வேண்டும்' என்று எதிர்வாதம் வைப்பது வழக்கமாயிற்று.

2019-ம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தீர்த்தது. அதன் 34-ம் பிரிவு, முறையீட்டாளர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் மன்றம் என்ற பெயர் ஆணையம் என்று மாறியது. பேச்சுவழக்கில் 'நுகர்வோர் கோர்ட்' என்பதே நிலைத்திருக்கிறது. இச்சட்டம் செய்த மாற்றங்களில் இதுவே நுகர்வோருக்கு அதிகம் பயன்பட்டது எனலாம்.

குறைதீர் அலுவலர் என்ற பதவி

குறைதீர் அலுவலர் நுகர்வோர் சட்டத்தில் பிறந்தவர் அல்லர். 2011 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த இடைநிலையாளர் விதிகளில், ஒவ்வொரு இணையதளமும் ஒரு குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அங்கே கருதப்பட்டவை அவதூறு, பதிப்புரிமை மீறல் போன்ற உள்ளடக்கப் புகார்கள். உடைந்த மிக்சியைப் பற்றி அவ்விதி எதையும் நினைக்கவில்லை.

அந்தப் பதவியைக் கடைக்குள் கொண்டுவந்தது 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். அவற்றின் 4-ம் விதிப்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 5-ம் விதி சந்தைத் தளங்களுக்கு, அதாவது பிறர் பொருளை விற்கும் தளங்களுக்கு, மேலும் இரண்டு கடமைகளைத் தருகிறது. ஒவ்வொரு புகாருக்கும் அதன் நிலையை அறிய உதவும் ஒரு எண் தர வேண்டும். பொருள் வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால் விற்பனையாளரின் முகவரி, மின்னஞ்சல் உள்ளிட்ட விவரங்களைத் தர வேண்டும்.

சாட் உதவியில் பேசுபவருக்கு இக்கடமைகள் எதுவும் நேரடியாக இல்லை. அவருடைய பெயர் முழுமையாகத் தெரியாது. அவர் எழுதும் வாக்குறுதிக்குக் காலக்கெடு கிடையாது. உரையாடல் முடிந்ததும் அதே ஆளை மீண்டும் பிடிக்க முடியாது. 48 மணி நேரமும் ஒரு மாதமும் ஓடத் தொடங்குவது குறைதீர் அலுவலருக்கு எழுதும்போதுதான் ஐயமற்றதாகிறது. மூன்று மாதம் சாட்டில் போராடியவர் பலர் இந்தக் கடிகாரத்தை ஒருமுறைகூட முடுக்கியிருப்பதில்லை.

இந்தப் படிகளை ஏறித்தான் ஆணையத்துக்குச் செல்ல வேண்டும் என்று நுகர்வோர் சட்டத்தில் எங்கும் இல்லை. நேரடியாகவே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் அறிவிப்பும் கட்டாயமல்ல. வங்கிக் குறைகளில் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் செய்து, பதில் வராவிட்டால் 30 நாள் காத்திருந்த பிறகே குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இணையக் கடை வழக்கில் கீழ்ப்படிகளின் பயன் வேறு வகையானது. அவை ஆவணங்களை உருவாக்குகின்றன. ஆணையம் சாட்சிகளை நெடுநேரம் விசாரிப்பதில்லை. பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவு செய்கிறது. ஆகவே கீழ்ப்படியில் கிடைத்த தாள் மேல்படியின் சாட்சியமாகிறது.

ஒரு புகாரின் பயணம்

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். மதுரையில் வசிக்கும் ஒருவர் ஒரு சந்தைத் தளத்தில் 21,999 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்குகிறார். மார்ச் 3 அன்று கைப்பேசி வருகிறது. 5-ம் தேதி திரையில் கோடுகள் தோன்றுகின்றன. திரும்பப் பெறும் கோரிக்கை ஏற்கப்பட்டு, 8-ம் தேதி கூரியர் பணியாளர் கைப்பேசியை எடுத்துச் செல்கிறார். 14-ம் தேதி, 'வேறு பொருள் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது, பணம் தர இயலாது' என்று செயலியில் தகவல் வருகிறது.

இப்புகாரின் மையம் திரையில் தோன்றிய கோடுகள் அல்ல. எடுத்துச் செல்லப்பட்ட கைப்பேசியும் கிடங்கை அடைந்த கைப்பேசியும் ஒன்றா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்வது 15 இலக்க ஐஎம்இஐ எண். அந்த எண் விலைப்பட்டியலிலும் பெட்டியின் மேலும் இருக்கும். கைப்பேசியில் `*#06#` என்று அழுத்தினாலும் திரையில் தெரியும். திருப்பிக் கொடுக்கும் முன் அத்திரையைப் படமெடுத்து வைத்தவரின் நிலை மிக வலுவானது. எடுக்காதவருக்கு எஞ்சுவது கூரியர் பணியாளர் தந்த ரசீதும், அவர் வாசலில் பொருளைச் சோதித்துத் தன் கருவியில் பதிந்த விவரமும். அந்தப் பதிவு நிறுவனத்திடம்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதே சாட் நிலையின் உண்மையான வேலை.

பெரும்பாலோர் சாட்டில் 'என் பணம் எப்போது வரும்' என்று கேட்கிறார்கள். அதற்கு முன்கூட்டி எழுதிவைத்த பதில் ஒன்று உண்டு. மாறாக, 'கிடங்கில் பெறப்பட்ட கருவியின் ஐஎம்இஐ எண் என்ன, மார்ச் 8 அன்று வாசலில் பதிவான எண் என்ன' என்று கேட்டால் பதிலளிப்பவர் ஒன்று எண்ணைச் சொல்ல வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். இரண்டுமே பயன்படும். 2019-ம் ஆண்டுச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்குத் தரும் வரையறையில், தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே தராமல் மறைப்பதும் அடங்கும். எண்ணைச் சொல்ல மறுத்த உரையாடல் அந்த வரையறைக்குள் வருகிறது.

உரையாடல் முடிவதற்குள் மூன்றைப் பெற வேண்டும். புகார் எண், உரையாடலின் நகல், அடுத்த பதிலுக்கான தேதி. நகலை மின்னஞ்சலில் அனுப்பும் வசதி சில தளங்களில் உண்டு. இல்லாத இடத்தில் திரையைத் தொடர்ச்சியாகப் படமெடுக்க வேண்டும். தேதி, நேரம், ஆர்டர் எண் தெரியாத படம் பின்னர் அதிகம் உதவாது. செயலியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து; பழைய உரையாடல்கள் சில காலத்துக்குப் பின் காணாமல் போகலாம். மூன்றாவது அல்லது நான்காவது உரையாடலுக்குப் பின் புகார் `Resolved` என்று காட்டப்படுகிறது. பணம் வரவில்லை, ஆனால் புகார் மூடப்பட்டுவிட்டது. சாட் நிலை முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மீண்டும் திறக்க முயல்வதில் பொருளில்லை.

இந்நிலையில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. ஒன்று, தேடுபொறியில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' தொலைபேசி எண். அவற்றில் மோசடி எண்கள் கலந்திருக்கின்றன. சமூக ஊடகத்தில் புகார் எழுதியவரைத் தேடி அழைப்பவர்களிலும் மோசடிக்காரர்கள் உண்டு. எண்ணைச் செயலிக்குள்ளிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். மற்றொன்று, சமாதானத்துக்கு அளிக்கப்படும் ஐந்நூறு ரூபாய்க் கூப்பன். அதை ஏற்றால் முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டார் என்று பின்னர் வாதிடப்படலாம். ஏற்பதானால் 'பணம் திரும்பக் கிடைக்கும் என் உரிமையை இது பாதிக்காது' என்று அதே உரையாடலில் எழுத வேண்டும்.

அலுவலருக்கு எழுதும் கடிதம்

குறைதீர் அலுவலரின் விவரம் தளத்தின் அடிப்பகுதியில், பயன்பாட்டு விதிமுறைகள் அல்லது தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் `Grievance Officer` என்ற தலைப்பில் இருக்கும். செயலியில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். கணினியில் தளத்தைத் திறந்தால் எளிது. சந்தைத் தளத்தின் அலுவலரே அன்றி விற்பனையாளரும் தனியே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 6-ம் விதி சொல்கிறது. இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புவது நல்லது.

எடுத்துக்காட்டில் மதுரைக்காரர் மார்ச் 22 அன்று எழுதுகிறார். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பொருள் வரியில் ஆர்டர் எண்ணும் மூடப்பட்ட புகார் எண்ணும் இருக்கும். அடுத்து தேதிவாரியாக நடந்தவை, ஒவ்வொன்றும் ஒரு வரி. பின்னர் சர்ச்சைக்குரிய ஒரே உண்மை: 'விலைப்பட்டியலில் உள்ள ஐஎம்இஐ எண்ணுடைய கைப்பேசியே மார்ச் 8 அன்று ஒப்படைக்கப்பட்டது, ரசீது இணைப்பு 3.' பின்னர் கோரிக்கை: 21,999 ரூபாயை செலுத்திய அதே வழியில் திருப்ப வேண்டும், மறுப்பதானால் கிடங்கில் எடுத்த படத்தையும் பதிவான எண்ணையும் அனுப்ப வேண்டும், 5-ம் விதிப்படி விற்பனையாளரின் முழு முகவரியைத் தர வேண்டும். இறுதியில் 48 மணி நேரம், ஒரு மாதம் என்ற இரண்டு கெடுக்களையும் தேதியாகவே குறிப்பிட வேண்டும். அதாவது மார்ச் 24, ஏப்ரல் 22.

முகவரிக் கோரிக்கையை விட்டுவிடுபவர்கள் ஆணையத்தின் வாசலில் திணறுகிறார்கள். விற்பனையாளரை எதிர்த்தரப்பாகச் சேர்க்க அவருக்கு அறிவிப்பு போய்ச் சேரும் முகவரி தேவை. தளத்தை மட்டும் சேர்த்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவைக் காட்டி 'நாங்கள் வெறும் இடைநிலையாளர், விற்றவர் வேறு' என்று தளம் சொல்லும். விற்பனையாளரை மட்டும் சேர்த்தால், பொருளைப் பெற்றுச் சோதித்தது தளத்தின் கிடங்கு என்று அவர் சொல்வார். இருவரையும் சேர்த்தால் ஒருவரையொருவர் கைகாட்டுவது நுகர்வோரின் சிக்கலாக இராது.

அலுவலர் பெயரில் வரும் பதில் சில சமயம் சாட்டில் வந்த அதே வாசகமாக இருக்கும். அதுவும் பயனற்றதல்ல. விதிப்படி நியமிக்கப்பட்ட அலுவலர் கேட்ட ஆவணங்களைத் தராமல் மறுத்தார் என்பதற்கு அது எழுத்துச் சான்று. கெடு கடந்தும் பதில் வராதது விதிமீறலுக்குச் சான்று.

இதற்கும் ஆணையத்துக்கும் இடையில் கட்டாயமற்ற ஒரு படி உண்டு. 2005-ல் தொடங்கிய தேசிய நுகர்வோர் உதவி மையம் இப்போது 1915 என்ற எண்ணிலும் `consumerhelpline.gov.in` தளத்திலும் செயல்படுகிறது. அது புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அதன் சொல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பெரிய நிறுவனங்கள் இவ்வழியில் வரும் புகாரைத் தனிக் குழுவிடம் தருவதால், பல சிறு தொகைகள் இங்கேயே திரும்பக் கிடைத்துவிடுகின்றன. எடுத்துக்காட்டில் ஏப்ரல் 10 அன்று 'விற்பனையாளரின் முடிவே இறுதியானது' என்ற பதில் வருகிறது. உதவி மையத்திலும் அதே பதில் கிடைக்கிறது.

ஆணையத்தில்

காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அது வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து, இங்கே மார்ச் 14 முதல், எண்ணப்படுகிறது. தொடர்ந்து நினைவூட்டல் எழுதிக்கொண்டிருப்பது இக்காலவரம்பை நீட்டிக்காது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், அது உரிமையல்ல.

எந்த அடுக்கு என்பதைத் தீர்மானிப்பது பொருளுக்குச் செலுத்திய தொகை. பழைய சட்டத்தில் கேட்கும் இழப்பீடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. அதனால் இழப்பீட்டை உயர்த்திக் கேட்டு மேல் அடுக்குக்குச் செல்ல முடிந்தது. இப்போது அது முடியாது. 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளின்படி செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் இரண்டு கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. கைப்பேசி வழக்கு மதுரை மாவட்ட ஆணையத்தில், கட்டணமின்றித் தொடுக்கப்படும். நேரிலும் தரலாம், இணையத்திலும் தரலாம். இணையப் பதிவு 2020 செப்டம்பரில் இ-தாக்கில் என்ற பெயரில் தொடங்கியது. 2025 ஜனவரி முதல் `e-jagriti.gov.in` தளம் அதன் இடத்தில் உள்ளது.

மனுவில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தரப்பினர் பெயர் முகவரி, தேதிப் பட்டியல், நடந்தவை, செலுத்திய தொகை, வழக்குக் காரணம் எழுந்த நாள், கோரும் நிவாரணம், உண்மை என உறுதி கூறும் பிரமாணப் பத்திரம், எண்ணிடப்பட்ட ஆவணங்கள். நிவாரணத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பது முக்கியம். எடுத்துக்காட்டில் 21,999 ரூபாய், மறுத்த நாள் முதல் 9 விழுக்காடு வட்டி, மன உளைச்சலுக்கு 15,000, வழக்குச் செலவுக்கு 5,000. கேட்காத நிவாரணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பத்து லட்சம் கேட்பதால் பெரிதாகக் கிடைப்பதுமில்லை. அது மனுவின் நம்பகத்தன்மையையே குறைக்கும்.

'மோசமான சேவை' என்று பொதுவாக எழுதுவதைவிடச் சட்டத்தின் சொற்களைப் பயன்படுத்துவது நல்லது. தகவலை மறைத்தது சேவைக் குறைபாடு. பழுதான பொருளுக்கு உரிய காலத்துக்குள் பணம் திருப்ப மறுப்பதை 2019-ம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே புதிதாகச் சேர்த்துள்ளது. ரசீதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கெடுவும் வைத்துள்ளது.

சாட் படங்களும் மின்னஞ்சல்களும் மின்னணு ஆவணங்கள். அவற்றுடன் ஒரு சான்றிதழ் இணைப்பது வழக்கம். முன்பு அது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் கீழ் தரப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவின் கீழ் தரப்படுகிறது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை என்றாலும், எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபங்களில் இது ஒன்று. சான்றிதழ் இருந்தால் அந்த விவாதமே எழாது.

இன்னோர் ஆட்சேபம் விலைப்பட்டியலிலேயே ஒளிந்திருக்கும். வரிச்சலுகைக்காகத் தன் கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கியிருந்தால், அது வணிக நோக்கம், வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்று நிறுவனம் வாதிடும். வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதை மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பணம் எதுவும் செலுத்தாத சேவைக்கும் இவ்வழி திறப்பதில்லை. இலவசச் சமூக ஊடகக் கணக்கு முடக்கப்பட்டால் செல்ல வேண்டியது, 2023-ல் தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் அமைக்கப்பட்ட குறைதீர் மேல்முறையீட்டுக் குழு.

மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். ஏற்ற பின் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு செல்லும். பதில் மனுவுக்கு 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். இந்த 45 நாள் கட்டாயமா, வழிகாட்டலா என்று உச்சநீதிமன்றத்திலேயே ஏறத்தாழ இருபது ஆண்டு முரண்பட்ட தீர்ப்புகள் இருந்தன. 2020 மார்ச்சில் ஹில்லி குளிர்பதனக் கிடங்கு வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அது கட்டாயமே என்று முடித்தது. ஆகவே எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்ற நாளைக் குறித்துவைப்பது நுகர்வோருக்குப் பயன்தரும். 46-ம் நாள் வரும் பதில் மனுவை ஏற்கக் கூடாது என்று அவர் கோரலாம்.

சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் இருதரப்பு ஒப்புதலுடன் ஆணையம் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும். இல்லாவிட்டால் பிரமாணப் பத்திரங்களின் அடிப்படையில் வாதம் நடக்கும். காணொளி வழியிலும் கேட்கலாம். ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பணியிடங்கள் காலியாக இருப்பதாலும் ஒத்திவைப்புகளாலும் பெரும்பாலான வழக்குகள் இக்கெடுவைத் தாண்டுகின்றன. 21,999 ரூபாய்க்காக எத்தனை முறை விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே கணக்கிடுவது நல்லது. நிறுவனங்களும் இதே கணக்கைப் போடுகின்றன; அறிவிப்பு கிடைத்தவுடன் பணத்தைத் திருப்பித் தந்து முடித்துக்கொள்ளும் வழக்குகள் பல.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். பணம் தர உத்தரவிடப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் அத்தொகையில் பாதியை முதலில் செலுத்த வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், வென்றவர் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்யலாம். 71-ம் பிரிவின்படி உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றப்படும். வங்கிக் கணக்கை முடக்குவதும் அதில் அடங்கும். 72-ம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இரண்டு பிரிவுகளின் கீழும் தனித்தனி மனுக்கள் தர வேண்டும். உத்தரவின் சான்றிட்ட நகலும், அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்ததற்கான அஞ்சல் ஒப்புகையும் அவற்றுடன் இணைக்கப்படும்.